வீட்டில் வாயாடி, வகுப்பில் ஒரு சொல் கிடையாது: ஆறு வயது மகள்

மஞ்சக்குப்பம் அம்மா | ஜூலை 8, இரவு 10.15

மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. கடலூரில்தான் ஒரு தனியார் பள்ளி. வீட்டில் பேச்சை நிறுத்த முடியாது. தம்பியை அதட்டுவாள், பாட்டி கதை சொன்னால் பாதியில் புகுந்து கதையையே மாற்றுவாள். பள்ளி கேட்டைத் தாண்டினால் முகம் இறுகிவிடும். யூ.கே.ஜி. முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வருஷமும் அதே கதை. அட்டெண்டன்ஸுக்குக் கை மட்டும் தூக்குகிறாள். தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. பாத்ரூம் போகக் கேட்க வேண்டுமே என்று குடிப்பதே இல்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன் பாத்ரூமுக்கு ஓடுகிறாள்.

போன வருஷ மிஸ் "அழுத்தக்காரி, வாயைத் திறக்கிற வரைக்கும் நில்லு" என்று நிற்க வைத்தார். காது பரிசோதனை செய்துவிட்டோம், குறை எதுவும் இல்லை. இது கூச்சமா, அடமா? தானாகச் சரியாகுமா?

பண்ருட்டி அப்பா | ஜூலை 8, இரவு 10.50

கவலைப்படாதீங்க. என் பையனும் மூன்று வயது வரை பேசவில்லை. ஸ்பீச் தெரபி போனோம், எங்கம்மா தினமும் வசம்பைச் சுட்டுத் தேன் விட்டு நாக்கில் தடவினார். இப்போது அவன் வாயை மூடுவதே இல்லை. வசம்பு கொடுத்துப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம் அம்மா | ஜூலை 8, இரவு 11.05

சார், இவளுக்குப் பேச்சு வராமல் இல்லை. இந்த நிமிஷம் தூக்கத்தில்கூட யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள்.

முதுநகர்க்காரர் | ஜூலை 9, காலை 6.30

அம்மா, வற்புறுத்தாதீங்க, அது ஒன்றுதான் முக்கியம். நானும் சின்ன வயசில் கூச்ச சுபாவம்தான். குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் பேசாமல் இருந்து திருச்செந்தூரில் பாடவில்லையா? எல்லாம் இங்கிலீஷ் மீடியம் படுத்தும் பாடு. புரியாத பாஷையில் கேள்வி கேட்டால் குழந்தை என்ன செய்யும்? தமிழ்ப் பள்ளியில் போடுங்கள், ஒரு வருஷம் விட்டுப்பிடியுங்கள், தானாக வரும்.

லாஸ்பேட்டை உளவியலாளர் | ஜூலை 9, இரவு 9.20

குழந்தைகளோடு நெடுநாள் வேலை செய்தவள் என்பதால் எழுதுகிறேன். பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொல்வது செலக்டிவ் மியூட்டிசம் போலவே இருக்கிறது. ஒரு இடத்தில் நன்றாகப் பேசும் குழந்தை இன்னொரு இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து பேசாமல் இருப்பது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இதில் கணக்கு வைக்கக் கூடாது, அப்போது பல குழந்தைகள் வாய் திறக்காது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கும். பள்ளிக்கு வந்த பிறகுதான் வெளியே தெரியும்.

அடம் இல்லை. 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்துவிட்டது. அவள் பேச மறுக்கவில்லை, அந்த இடத்தில் அவளால் முடியவில்லை.

முதுநகர் ஐயா சொன்னதில் வற்புறுத்தக் கூடாது என்பது சரி. சும்மா காத்திருப்பது சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன். மிஸ் கேள்வி கேட்கிறார், அவளுக்குப் பதற்றம் ஏறுகிறது. பக்கத்துப் பிள்ளை "அவ பேச மாட்டா மிஸ்" என்கிறது, மிஸ் அடுத்தவரிடம் போய்விடுகிறார், பதற்றம் இறங்குகிறது. தினமும் இது நடக்கிறது. பேசாமல் இருந்தால் நிம்மதி என்பதை அவள் உடம்பு கற்றுக்கொண்டே போகிறது. வகுப்பும் கற்றுக்கொள்கிறது. விட்டுப்பிடிக்கிற ஒரு வருஷம் இந்தப் பாடத்துக்குத்தான் போகும்.

இங்கிலீஷ் காரணமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இன்டர்வெலில் தோழிகளிடம் தமிழில் பேசுகிறாளா? ஆயாவிடம்? தமிழ் வகுப்பில்? அங்கேயும் இல்லை என்றால் பாஷை காரணம் இல்லை.

வசம்பு வேண்டாம். உள்ளுக்குக் கொடுக்கிற பொருள் அல்ல, சின்னக் குழந்தைகளுக்கு வாந்தி வரும்.

மஞ்சக்குப்பம் அம்மா | ஜூலை 9, இரவு 9.45

தோழியிடமும் இல்லை, ஆயாவிடமும் இல்லை. இன்னொன்று. எங்கள் மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கத்தி விளையாடுவாள். அவள் வகுப்புப் பையன் ஒருவன் அந்த வீட்டுக்கு வந்தான். அவன் படியேறி வந்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள். இடம் எங்கள் மாடிதான், கேட்கிற ஆள் மாறிவிட்டான். நான் இதுவரை பள்ளிதான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன்.

நெல்லிக்குப்பம் டீச்சர் | ஜூலை 10, மாலை 5.40

அரசுத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். தமிழ்வழி வகுப்பிலும் இப்படிக் குழந்தைகள் உண்டு என்பதை முதுநகர் ஐயாவுக்குச் சொல்லிக்கொள்கிறேன். வகுப்பில் இவர்கள்தான் எங்களுக்குத் தொந்தரவே தராத பிள்ளைகள். அதனாலேயே கண்ணில் படுவதில்லை.

முதல் வேலை பாத்ரூம். ஒரு சின்ன அட்டை செய்து பென்சில் பாக்ஸில் வையுங்கள். மேஜையில் அட்டையை வைத்தால் மிஸ் தலையசைப்பார், அவள் போகலாம். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் மூத்திரத்தை அடக்கினால் கடுப்பும் காய்ச்சலும் வரும். பேச்சை அப்புறம் பார்க்கலாம்.

ஆனால் உளவியலாளர் அம்மாவிடம் ஒரு கேள்வி. அட்டை கொடுத்தால் பேசாமலே காரியம் நடக்கிறது என்று பழகிவிடாதா? எனக்கு இதில் இன்னும் தெளிவில்லை.

தேவனாம்பட்டினம் தம்பி | ஜூலை 10, இரவு 11.30

நான் அப்படி இருந்தவன். மூன்றாம் வகுப்பு வரை பள்ளியில் பேசவில்லை. பதில் தெரியும். மனசுக்குள் பதில் சொல்லியும் முடித்திருப்பேன். தொண்டை இறுகி வாய் மரத்துப்போகும். "பேசினா சாக்லேட்" என்றார்கள், அது இன்னும் மோசம். எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள். "ஊமை" என்று பேர் வைத்த பிறகு, ஒருநாள் திடீரென்று பேசினால் எவ்வளவு பெரிய செய்தியாகும் என்ற பயம் தனியாகச் சேர்ந்துகொண்டது. முதல் பயம் குறைந்த பிறகும் இந்த இரண்டாவது பயம் போகவில்லை. எங்கள் அப்பாவுக்கு வேலை மாற்றல் ஆகி வேறு ஊர்ப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே நான் பேசாதவன் என்று யாருக்கும் தெரியாது. மெதுவாகப் பேசினேன்.

அதற்காகப் பள்ளியை மாற்றச் சொல்லவில்லை அக்கா. என்னைப் போலவே இருந்த இன்னொரு பையனுக்குப் பள்ளியை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை.

லாஸ்பேட்டை உளவியலாளர் | ஜூலை 11, காலை 7.10

டீச்சருக்கு: அட்டை உடம்புத் தேவைக்கு. பாடத்துக்கும் விளையாட்டுக்கும் அதைப் பரப்ப வேண்டாம். பாத்ரூமும் அடிபட்டால் சொல்வதும் பேச்சுப் பயிற்சிக்கான களம் அல்ல.

அம்மாவுக்கு: மாடியில் பார்த்தீர்களே, அதுதான் சாவி. யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்து அவள் குரல் நிற்கிறது. அப்படியானால் கேட்கிற ஆளைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவர வேண்டும். பள்ளி மணி அடிக்கும் முன் ஒரு காலி வகுப்பறை, நீங்களும் அவளும் மட்டும். பத்து, பதினைந்து நிமிஷம் போதும். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் என்பதைவிட மூன்று, நான்கு நாள் கொஞ்ச நேரம் நல்லது. வீட்டுக் குரலில் பேசுகிறாள் என்று ஆனபின்தான் மிஸ்.

மிஸ் வரும் நேரத்தில் உரையாடல் வேண்டாம். எண்ணுவது, கிழமை சொல்வது மாதிரி அடுத்து என்ன வரும் என்று ஏற்கெனவே தெரிந்த பேச்சு வேண்டும். நீங்கள் ஒன்று, அவள் இரண்டு, நீங்கள் மூன்று. அதில் கருத்து இல்லை, தப்பும் வராது. அதனால்தான் அங்கே தொடங்குகிறோம். மிஸ் முதலில் தாழ்வாரத்தில், அப்புறம் கதவருகில், அப்புறம் உள்ளே முதுகைக் காட்டி. ஒவ்வொரு அடியையும் அவளிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். தெரியாமல் மறைந்து நின்று கேட்பது கூடவே கூடாது. ஒருமுறை பிடிபட்டால் அவள் உங்களோடும் அங்கே பேச மாட்டாள்.

மஞ்சக்குப்பம் அம்மா | ஜூலை 21, இரவு 10.00

இந்த வருஷ மிஸ் நல்ல மனுஷி. எட்டரைக்கு வகுப்பறையைத் திறந்து தர ஒத்துக்கொண்டார். மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "மிஸ் கிட்ட பேசணுமா?" என்று கேட்டாள். "இல்ல, நம்ம ரெண்டு பேரும் விளையாடணும், மிஸ் தூரத்துல இருப்பாங்க" என்றேன். பாட்டியின் பல்லாங்குழியைத் தூக்கிக்கொண்டு போனோம். எண்ணுவதற்கு அதைவிட என்ன வேண்டும்?

முதல் நாள் மிஸ் இல்லாமலே கிசுகிசுப்புதான். வாரக் கடைசியில் வீட்டுக் குரல் வந்தது. கரும்பலகைப் பக்கம் போய் மிஸ் மாதிரி என்னை மிரட்டினாள்.

முதுநகர்க்காரர் | ஜூலை 22, காலை 6.15

பல்லாங்குழி என்றதும் சந்தோஷம். எங்கள் வீட்டில் குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. சில வீடுகளில் ஆறு போடுவார்கள். நான்கு சேர்ந்தால் பசு, அந்தக் குழிக்குரியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் எத்தனை போடுகிறீர்கள்?

மஞ்சக்குப்பம் அம்மா | ஆகஸ்ட் 4, இரவு 9.50

ஐந்துதான் ஐயா. பசுவுக்காகத் தினமும் சண்டை.

மிஸ் தாழ்வாரத்தில் நின்றபோது எண்ணிக்கை நிற்கவில்லை. கதவருகே வந்ததும் குரல் இறங்கிற்று, அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. உளவியலாளர் அம்மா போனில் சொல்லிக்கொடுத்தபடி மிஸ் ஒன்றும் சொல்லாமல் பழைய இடத்துக்கே போனார். மறுநாள் நோட்டுத் திருத்துகிற சாக்கில் ஜன்னல் பக்கம் வந்தார், அவளைப் பார்க்கவில்லை. குரல் இறங்கவில்லை. இரண்டு, மூன்று நாள் அதே இடத்திலேயே வைத்திருந்தோம். அப்புறம் உள்ளே, முதுகு காட்டி. இப்போது மிஸ் எங்கள் பெஞ்சுக்கு அடுத்த பெஞ்சில் இருக்கிறார்.

நான் கவனித்த அடையாளம் கை. பதற்றம் ஏறினால் முதலில் கொட்டை போடும் கை மெதுவாகிறது, குரல் அதற்குப் பிறகுதான் இறங்குகிறது. கை மெதுவானதும் மிஸ் நின்ற இடத்திலேயே நின்றால் குரல் தப்பிவிடுகிறது.

மஞ்சக்குப்பம் அம்மா | ஆகஸ்ட் 5, காலை 5.50

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. கிசுகிசுப்பைப் பற்றி உளவியலாளர் அம்மா தெளிவாகச் சொன்னார்: சின்னக் குரல் பரவாயில்லை, குரலே இல்லாத காற்றுப் பேச்சு மட்டும் நிலைத்துவிடக் கூடாது, அப்புறம் அதுவே பழக்கமாகிவிடும். அது வந்தால் ஒரு அடி பின்னால் போகச் சொன்னார். அதுபோல அவள் என் காதில் சொல்லி நான் மிஸ்ஸிடம் எடுத்துச் சொல்வதும் வேண்டாமாம்.

மஞ்சக்குப்பம் அம்மா | ஆகஸ்ட் 19, இரவு 10.30

இன்று மூன்று பேராக எண்ணினோம். நான் ஒன்று, அவள் இரண்டு, மிஸ் மூன்று. சுதந்திர தின ஒத்திகையால் இடையில் சில நாள் விட்டுப்போயிருந்தது, பயந்துகொண்டேதான் போனேன். எண்ணிக்கை ஓடியது. அப்புறம் ஆட்டத்தில் மிஸ் ஒரு குழியைக் கவனிக்காமல் தாண்டிப் போனார். இவள் "பசு!" என்று கத்திவிட்டாள். முழுக் குரலில், மிஸ்ஸைப் பார்த்து.

மிஸ்ஸின் முகம் ஒரு நொடி மாறிற்று. ஆனால் "ஆமா பசு, நாலு கொட்டை" என்று எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். கட்டிப்பிடிக்கவில்லை, கைதட்டவில்லை. அவர் அப்படிச் செய்ததற்கு நான் காலத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

தேவனாம்பட்டினம் தம்பி | ஆகஸ்ட் 19, இரவு 11.10

அந்த மிஸ்ஸுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அக்கா.

லாஸ்பேட்டை உளவியலாளர் | ஆகஸ்ட் 20, காலை 7.00

சொன்ன சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னாரே, அது போதும். இனி கேள்விகள் வரலாம், ஆனால் "தண்ணி வேணுமா?" மாதிரி வேண்டாம், அதற்குத் தலையசைத்துவிடலாம். "சோழி வேணுமா, புளியங்கொட்டை வேணுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டபின் மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, நீங்களும்தான். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். பதில் வரவில்லையா, கேள்வியைக் கொஞ்சம் மாற்றி மறுபடி கேளுங்கள், அவளுக்காக நீங்கள் சொல்லாதீர்கள். அது நன்றாகப் போனபின் நீங்கள் கதவுப் பக்கம் நகரலாம்.

மஞ்சக்குப்பம் அம்மா | செப்டம்பர் 3, இரவு 9.15

சறுக்கல். நான் தாழ்வாரத்துக்குப் போய், உள்ளே மிஸ்ஸும் அவளும் மட்டும் பேசுகிற அளவுக்கு வந்திருந்தது. இன்று ஒரு பிள்ளை சீக்கிரம் வந்துவிட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்து "ஏய், இவ பேசுறா! மிஸ், இவ பேசிட்டா!" என்று வராண்டா முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியது. நாலு பேர் வந்து "பேசு, பேசு" என்றார்கள். வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் என்னிடம்கூடப் பேசவில்லை. காலாண்டுப் பரீட்சை வேறு, வாய்மொழித் தேர்வு இருக்கிறது.

நெல்லிக்குப்பம் டீச்சர் | செப்டம்பர் 3, இரவு 9.40

கத்திய பிள்ளையைத் திட்ட வேண்டாம் என்று மிஸ்ஸிடம் சொல்லுங்கள், அது சந்தோஷத்தில் கத்தியது. அவள் இல்லாத நேரத்தில் வகுப்பில் "ஒருத்தர் பேசினா பேசட்டும், பேசலன்னா விடணும், அதைப் பத்தி நாம சத்தம் போட மாட்டோம்" என்று பொதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

வாய்மொழிக்கு: வீட்டில் அவள் பாடத்தை வாசிப்பதைப் போனில் எடுத்து மிஸ் கேட்டு மதிப்பெண் போடலாம். நான் செய்திருக்கிறேன். வகுப்பில் போட்டுக் காட்டக் கூடாது.

பண்ருட்டி அப்பா | செப்டம்பர் 3, இரவு 10.05

மதிப்பெண்ணுக்கு விலக்குக் கொடுத்துக்கொண்டே போனால் பிள்ளை எப்போது பேசும்? வெளியுலகம் விலக்குத் தருமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்குப் புரியவில்லை.

லாஸ்பேட்டை உளவியலாளர் | செப்டம்பர் 4, காலை 6.50

நியாயமான கேள்வி சார். வாசிக்கத் தெரியுமா என்று பார்ப்பது ஒரு வேலை, முன்னால் நின்று பேசவைப்பது இன்னொரு வேலை. பரீட்சை அன்று இரண்டையும் சேர்த்தால் இரண்டும் கிடைக்காது. அடுத்த பரீட்சைக்குக் காலி அறையில் மிஸ்ஸிடம் நேரில் வாசிக்கலாம், அதற்கடுத்து ஒரு தோழி கூட இருக்கலாம். விலக்கைப் படிப்படியாகச் சுருக்குவதை முதலிலேயே திட்டத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும்.

அம்மா, இரண்டு அடி பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள். முதல் தடவை ஆன நேரம் இந்தத் தடவை ஆகாது.

மஞ்சக்குப்பம் அம்மா | அக்டோபர் 12, மாலை 6.30

ஆகவில்லை, ஒரே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். இப்போது பக்கத்து பெஞ்சுத் தோழியைச் சேர்த்திருக்கிறோம். அதே முறைதான்: கதவு, ஜன்னல், முதுகு, எண்ணிக்கை. மிஸ்ஸிடம் பேசியதால் தோழியிடம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. ஒவ்வொரு ஆளையும் தனியாக உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் ஆகும் நாள் குறைந்துகொண்டே வருகிறது. தோழி வீட்டுக்கு வந்து மாடியில் விளையாடியது ரொம்ப உதவிற்று.

முழு வகுப்பில் இன்னும் இல்லை. அட்டெண்டன்ஸுக்குக் கைதான்.

முதுநகர்க்காரர் | அக்டோபர் 12, இரவு 8.00

ஒரு பரிசு கொடுக்கலாமா அம்மா? தம்பி சாக்லேட் வேண்டாம் என்றார், ஆனால் என் பேத்தி ஸ்டிக்கருக்கு எதையும் செய்கிறாள்.

மஞ்சக்குப்பம் அம்மா | அக்டோபர் 12, இரவு 8.20

வீட்டில் ஒரு அட்டையில் நட்சத்திரம் ஒட்டுகிறோம் ஐயா, அன்றைக்கு முயன்ற அடிக்கு. பேசினாளா என்பதற்கு இல்லை. வகுப்பில் யார் முன்னாலும் எதுவும் கிடையாது. தம்பி சொன்னது என் மனசில் இருக்கிறது.

மஞ்சக்குப்பம் அம்மா | டிசம்பர் 9, காலை 10.20

மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கலெக்டர் விடுமுறை மேல் விடுமுறை. நீண்ட விடுமுறைக்குப் பின் குரல் மறுபடி இறங்குகிறது என்று ஆயுத பூஜை லீவிலேயே பார்த்துவிட்டேன். அதனால் மிஸ் சாயங்காலம் வீடியோ காலில் வந்து இரண்டு நிமிஷம் எண்ணிக்கை ஆடுகிறார். நேரில் போல இல்லை, ஆனாலும் இழை அறுந்துபோகாமல் இருக்கிறது.

வில்லியனூர் அம்மா | ஜனவரி 18, இரவு 9.00

முழுதும் படித்தேன். என் பையனுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பிலிருந்தே இப்படி. டாக்டர் மாத்திரை பற்றிப் பேசினார். பயமாக இருக்கிறது. உறவினர்கள் எல்லாம் வேண்டாம் என்கிறார்கள்.

லாஸ்பேட்டை உளவியலாளர் | ஜனவரி 18, இரவு 9.50

பெரிய பிள்ளைகளிடம் மௌனம் வருஷக்கணக்கில் ஊறியிருக்கும். பயிற்சி மட்டும் நகராதபோது ஃப்ளூக்செட்டின் மாதிரி பதற்றத்தைக் குறைக்கும் மருந்தை மனநல மருத்துவர்கள் குறைந்த அளவில் தொடங்கிப் பார்ப்பது உண்டு. அது பேசவைக்கும் மாத்திரை இல்லை. பதற்றம் கொஞ்சம் இறங்கினால் பயிற்சியின் அடுத்த அடியை எடுத்துவைக்க முடிகிறது. பயிற்சி இல்லாமல் மாத்திரை மட்டும் என்றால் நானும் தயங்குவேன். வில்லியனூரிலிருந்து ஜிப்மர் பக்கம்தானே, அங்கே மனநலத் துறையில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். தொடங்கினால் முதல் சில வாரங்கள் தூக்கம், எரிச்சல், மனநிலை மாற்றம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தேவனாம்பட்டினம் தம்பி | ஜனவரி 18, இரவு 10.40

பதினொரு வயசுப் பையனிடம் நேரடியாகக் கேளுங்கள் அம்மா, யாரிடம் முதலில் பேசலாம் என்று. நோட்டில் எழுதியாவது சொல்வான். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மஞ்சக்குப்பம் அம்மா | மார்ச் 27, இரவு 10.10

இப்போது நிலவரம். மிஸ்ஸிடமும் நாலைந்து தோழிகளிடமும் பேசுகிறாள், வகுப்பு நடக்கும்போதும். அட்டெண்டன்ஸுக்கு "எஸ் மிஸ்" சின்னதாக வருகிறது, சில நாள் வருவதில்லை. அசெம்பிளி, ஆண்டு விழா, பிரின்சிபால், வேன் டிரைவர் அண்ணன், இவர்களிடம் எல்லாம் இன்னும் ஒன்றும் இல்லை. தண்ணீர் பாட்டில் காலியாக வருகிறது.

என் கேள்வி அடுத்த வருஷம். இரண்டாம் வகுப்புக்கு வேறு மிஸ். ஜூனில் எல்லாம் முதலிலிருந்தா?

நெல்லிக்குப்பம் டீச்சர் | மார்ச் 28, மாலை 6.00

ஜூன் வரை காத்திருக்காதீர்கள். யார் இரண்டாம் வகுப்பு எடுப்பார் என்று ஏப்ரலிலேயே கேட்டுக்கொண்டு, பள்ளி மூடும் முன் இந்த மிஸ் இருக்கும்போதே அவரைக் கதவருகில் கொண்டுவந்துவிடுங்கள். பேசும் தோழிகளில் இரண்டு பேரையாவது அதே செக்‌ஷனில் போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். இந்த மிஸ் செய்ததையும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: முகத்தைப் பார்க்காதது, ஐந்து எண்ணிக் காத்திருப்பது, பேசினால் ஆர்ப்பாட்டம் செய்யாதது.

மஞ்சக்குப்பம் அம்மா | மார்ச் 28, இரவு 9.30

திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். புது மிஸ்ஸுக்குப் பல்லாங்குழி தெரியாதென்றால் இவளே சொல்லிக்கொடுக்கட்டும் என்று மிஸ் சொல்கிறார். அது சீக்கிரமாகிவிடுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. உளவியலாளர் அம்மா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

லாஸ்பேட்டை உளவியலாளர் | மார்ச் 29, காலை 7.05

முதல் நாளே வேண்டாம். ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது எண்ணுவதைவிடப் பல படி மேலே, அதில் என்ன வார்த்தை என்று அவளே தேட வேண்டும். மூன்று பேராக எண்ணிக்கை ஓடி, "இதுவா அதுவா"வுக்கும் பதில் வந்த பிறகு செய்யுங்கள். அதுவரை விதியை நீங்களே புது மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள், பசுவை மட்டும் விட்டுவிட்டு.